மூன்று வாக்கியத்தில் எண்ணிப் பார்த்தேன்: தமிழில் 81 ஒலி, சிங்களத்தில் 76



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்க வைப்பவர்களும், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று அலைபவர்களும் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வாசிக்கலாம்.

எங்கள் பக்கம் பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று இருக்கிறது. "சேர், சிங்களத்துல சத்தம் கூட. தமிழ்ல சத்தம் கொறவு. அதனாலதான் எங்கட புள்ளைங்களுக்கு வாய் வருதில்ல." இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு: "தமிழ்ல ழ இருக்கு, ண இருக்கு, ள இருக்கு. அவங்களுக்குத்தான் சத்தம் கொறவு." இரண்டையும் உறுதியாகச் சொல்கிறார்கள். இரண்டையும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணுவது பெரிய வித்தை இல்லை. ஒரே செய்தியை இரண்டு மொழியிலும் பேச்சு வழக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஒலியாகப் பிரித்து, எது எத்தனை தடவை வருகிறது என்று கோடு போட வேண்டும். தரம் 8 பிள்ளையும் செய்யலாம். ஆனால் எதை ஒரு ஒலி என்று எடுப்பது, கிடைத்த எண்ணிக்கையை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம் என்பதில்தான் சிக்கல்.

நான் எடுத்தது மழைக்காலத்தில் நாங்கள் எல்லாரும் பிள்ளைகளிடம் சொல்லும் ஒரு சாதாரண அறிவித்தல்.

தமிழில்: நாளைக்கு ஸ்கூல் இல்ல. புள்ளைங்க வீட்டுல இருந்து படிக்கணும். மழை நேரத்துல ஆத்துப் பக்கம் போகக் கூடாது.

சிங்களத்தில்: ஹெட இஸ்கோலே நே*. லமயி கெ³த³ர இ(ந்)த³லா பாட³ம் கரன்ன ஓனே. வஹின வெலாவட க³(ங்)க³ ல(ங்)க³ட யன்ன எபா.

சிங்கள வரியில் நான் போட்டிருக்கும் அடையாளங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தமிழ் எழுத்தில் க என்று எழுதினால் அது 'கல்'லில் வரும் வன்மையான கவா, 'தங்கம்' என்பதில் வரும் மென்மையான கவா என்று எழுத்து சொல்லாது. அதனால் பழைய வடமொழிப் புத்தகங்களைத் தமிழில் அச்சடித்தவர்கள் செய்ததுபோல, மென்மையான ஒலிக்கு மேலே 3 போட்டிருக்கிறேன். 3 இல்லாவிட்டால் அது எங்கு வந்தாலும் வன்மையாகத்தான் வாசிக்க வேண்டும். ஆகவே 'ஹெட' என்பதில் உள்ள ட, 'வீட்டுல' என்பதில் வரும் ட்டவில் பாதி. 'படி'யில் வரும் ட இல்லை. நட்சத்திரம் போட்டது, 'பேங்க்' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது வரும் உயிரொலி, இங்கே நீட்டிச் சொல்வது. அடைப்புக்குள் உள்ள ந், ங் முழு ஒலி இல்லை; மூக்கைத் தொட்டுவிட்டுப் போவது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மொத்தம். தமிழில் 81 ஒலிகள்: உயிர் 34, மெய் 47. சிங்களத்தில் 76 ஒலிகள்: உயிர் 38, மெய் 38, சரிபாதி.

இங்கேயே ஒரு வித்தியாசம் கண்ணில் படும். தமிழில் அதிகம் வரும் உயிர் அ, 11 தடவை. அடுத்தது உ, 9 தடவை. சிங்களத்தில் அ மட்டும் 21 தடவை, நூற்றுக்கு 28. உ ஒரு தடவைகூட இல்லை.

இதை வைத்து "சிங்களத்தில் உ இல்லை" என்று ஒருவர் பதிவு போட்டால் எப்படி இருக்கும்? கொழுந்துக்குச் சிங்களத்தில் 'த³லு' என்று சொல்வதைத் தினமும் கேட்கிற நாங்கள் சிரிப்போம். உ இருக்கிறது, ஊவும் இருக்கிறது. இந்த மூன்று வாக்கியத்தில் வரவில்லை, அவ்வளவுதான். இதே வரிகளில் சிங்கள வன்மையான தவும் இல்லை, ப³வும் இல்லை, சவும் ஜவும் இல்லை. தமிழ்ப் பக்கம் எ குறில் இல்லை, ஒ குறில் இல்லை, ச இல்லை, ய இல்லை. தமிழில் ய இல்லை என்று யாராவது சொல்வார்களா?

ஆக, சின்னப் பந்தியில் ஒரு ஒலி வந்தால் அது மொழியில் இருக்கிறது என்று சொல்லலாம். வராவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. எவ்வளவு நீளம் இருந்தால் சொல்லலாம்? இதற்குக் கணக்கு உண்டு. ஒரு ஒலி 200க்கு ஒன்று என்ற அளவில் வரும் அரிய ஒலி என்று வைத்துக்கொள்ளுங்கள். 76 ஒலிகள் கொண்ட பந்தியில் அது ஒரு தடவைகூட வராமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 68. மூன்றில் இரண்டு தடவை அது நழுவிவிடும். அந்த வாய்ப்பு நூற்றுக்கு 5 ஆகக் குறைய ஏறக்குறைய 600 ஒலிகள் வேண்டும். அதாவது இந்த மாதிரி எட்டு அறிவித்தல்கள். அதுவும் எட்டும் வெவ்வேறு விஷயமாக இருக்க வேண்டும். எட்டும் ஆற்றைப் பற்றியே இருந்தால் 'க³(ங்)க³' என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வரும். நீளம் கூடும், புது ஒலி கூடாது.

அடுத்து, எழுத்தை எண்ணுவதும் ஒலியை எண்ணுவதும் ஒன்றல்ல. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்கிந்தி, ரகசிய மடலை உடைப்பதற்கு எழுத்துகளை எண்ணும் வழியை எழுதி வைத்தார். எந்த எழுத்து அதிகம் வருகிறதோ அதைப் பிடித்தால் பூட்டு திறக்கும் என்பது அவர் கண்டது. எங்கள் மொழிக்கும் 1963இல் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி தமிழ் உரைநடையின் எழுத்துகளைக் கணக்கிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர்கள் வேலைக்கு எழுத்து போதும். மொழி படிக்கிற பிள்ளைக்குப் போதாது.

ஏன் என்று எங்கள் வரியிலேயே பாருங்கள். 'லமயி', 'ல(ங்)க³ட' என்ற இரண்டையும் சிங்களத்தில் எழுதும்போது சாதாரண ல போடுவதில்லை. எங்கள் ளவுக்கு நிகரான இன்னொரு எழுத்துப் போடுவார்கள். எழுத்தை எண்ணினால் சிங்களத்தில் ள இரண்டு தடவை. ஒலியை எண்ணினால் பூச்சியம். ஏனென்றால் இன்றைய சிங்களப் பேச்சில் அந்த இரண்டு எழுத்துக்கும் ஒரே சத்தம்தான். ந, ண இரண்டுக்கும் அப்படித்தான். சிங்களப் பிள்ளைகளும் இந்த எழுத்துகளில் திணறி, எந்தச் சொல்லுக்கு எது என்று மனப்பாடம்தான் செய்கிறார்கள். சிங்கள ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்.

அதனால்தான் சிங்களம் தாய்மொழியான ஒருவர் தமிழ் படிக்கும்போது 'கலை'யும் 'களை'யும் ஒன்றாகக் கேட்கிறது. தோட்டத்தில் களை எடுக்கச் சொல்வதற்கும் கலை நிகழ்ச்சிக்கும் அவர் காதில் வித்தியாசம் இல்லை. நாக்கு வளையாது என்பதில்லை. அவர் ட நன்றாகச் சொல்கிறார், அதற்கும் நாக்கு வளைய வேண்டும். ல, ளவை வேறு வேறாகக் கேட்க வேண்டிய தேவை அவர் மொழியில் இல்லை.

இதே பார்வையில் எங்கள் வாயையும் எண்ணுங்கள். 'மழை' என்ற சொல்லில் நான் ழ ஒன்று என்று எண்ணினேன். லயத்தில் பிள்ளைகள் எத்தனை பேர் 'மழ' என்கிறார்கள், எத்தனை பேர் 'மள' என்கிறார்கள்? 'கொழுந்து' எடுக்கிறோமா 'கொளுந்து' எடுக்கிறோமா? 'கொளுந்து' சொல்லும் பிள்ளையின் வாயில் இந்த அறிவித்தலின் ழ எண்ணிக்கை பூச்சியம், ள மூன்றிலிருந்து நான்காகும். அந்தப் பிள்ளையின் தமிழ் குறைந்த தமிழ் என்று நான் சொல்லவில்லை. "தமிழின் ஒலிகள்" என்று நாங்கள் பட்டியல் போடும்போது யாருடைய தமிழ் என்று முதலில் சொல்லவேண்டும் என்கிறேன். எழுத்துக்கூட்டல் சோதனையில் அந்தப் பிள்ளை 'மளை' என்று எழுதினால், தன் காதுக்குக் கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறது. திருத்த வேண்டும்தான். ஆனால் கவனயீனம் என்று திட்டுவதில் பயனில்லை.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன்: க, ட, த, ப.

தமிழ் வரிகளில் இந்த நாலு குடும்பமும் மொத்தம் 26 தடவை வருகின்றன. க 11, த 6, ப 5, ட 4. சிங்களத்தில், மூக்கொலி தொட்டுவரும் மூன்றையும் விட்டால், 11 தான். நூற்றுக்கு 32க்கு எதிராக 14. "பார்த்தீங்களா, தமிழ் வன்மையான மொழி" என்று ஒருவர் மார்தட்டலாம். கொஞ்சம் பொறுங்கள். தமிழில் க்க, ட்ட, த்த, ப்ப என்று இரட்டித்து வருவதை இரண்டு இரண்டாக எண்ணியதால் வந்த தொகை அது. அந்த இரட்டைகள் எட்டு. ல்ல, ள்ளவையும் சேர்த்தால் பத்து. சிங்களத்தில் ன்ன மட்டும், இரண்டு தடவை. இரட்டையை ஒரே நீண்ட ஒலியாக எண்ணினால் தமிழ் 18, மொத்தம் 71. நூற்றுக்கு 25 ஆகிவிடும். சிங்களம் பெரிதாக மாறாது. பந்தி மாறவில்லை, எண்ணும் விதிதான் மாறியது. யாராவது இரண்டு மொழியை ஒப்பிட்டு நூற்றுக்கு இவ்வளவு என்று சொன்னால், இரட்டையை எப்படி எண்ணினீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த எண்ணை அங்கேயே விட்டுவிடலாம்.

(சிங்கள அவுக்கும் இப்படி ஒரு விதி தேவைப்பட்டது. 'கரன்ன' என்று சொல்லும்போது முதல் அ வாய் முழுக்கத் திறக்காத ஒரு மங்கலான அ. நான் அதையும் மற்ற அவோடு சேர்த்தேதான் 21 என்றேன். பிரித்து எண்ணினால் அந்த நூற்றுக்கு 28 இரண்டாக உடையும். வேகமாகச் சொன்னால் 'பாட³ம் கரன்ன'வில் உள்ள ம் ங் ஆகிவிடும். நான் நிதானமாகச் சொல்வதை எடுத்து ம் என்றே எண்ணினேன்.)

எத்தனை தடவை என்பதைவிட எங்கே என்பது முக்கியம். 26 தமிழ் ஒலிகளில் மென்மையாக ஒலிப்பவை 6 மட்டும்: புள்ளைங்க, இருந்து, படி, போக, கூடாது என்பதில் இரண்டு. இந்த ஆறும் எங்கே இருக்கின்றன? நாலு, இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக. இரண்டு, ங் ந்வுக்குப் பின்னால். சொல்லின் முதலில் மென்மை ஒன்றுகூட இல்லை. இரட்டித்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. அதாவது இடத்தைச் சொன்னால் சத்தத்தைச் சொல்லிவிடலாம். அதனால்தான் எங்கள் எழுத்துக்குக் க ஒன்று போதுமாக இருக்கிறது. இது எழுத்தின் குறை இல்லை. தேவையில்லாத இடத்தில் எழுத்தைப் பெருக்காத சிக்கனம்.

சிங்களத்தில் அதே இடங்களைப் பாருங்கள். சொல் முதலில் வன்மை இரண்டு: பாட³ம், கரன்ன. மென்மை இரண்டு: கெ³த³ர, க³(ங்)க³. உயிர்களுக்கு நடுவில் தனியாக வருபவற்றில் மென்மை இரண்டு: கெ³த³ரவில் த³, பாட³மில் ட³. வன்மை நாலு: ஹெட, வெலாவட, ல(ங்)க³ட, எபா. இடத்தைச் சொன்னால் சத்தத்தைச் சொல்ல முடியாது. 'கல' என்றால் செய்த. 'க³ல' என்றால் பாறை. ஒரே இடம், இரண்டு சத்தம், இரண்டு பொருள். இப்படி மாற்றினால் பொருள் மாறும் ஒலியைத்தான் மொழியியலில் ஒலியன் என்கிறார்கள்.

ஆகவே எங்கள் பிள்ளைக்கு க³ என்ற சத்தம் வராது என்பது தவறு. 'தங்கம்' சொல்லும் வாய்க்கு அது வரும். சொல்லின் முதலில் அதை வைத்துப் பழக்கமில்லை என்பதே உண்மை. பிள்ளை 'கெதர' என்று வன்மையில் தொடங்கும்போது, தமிழின் இட விதியைச் சிங்களத்துக்குக் கொண்டு போகிறது. அதேபோல 'ஹெட' என்பதை 'படி'யில் வரும் டவாக மெலித்துவிடும். "அழுத்திச் சொல்லு" என்று நாங்கள் அதட்டினால் 'ஹெட்ட' என்று இரட்டித்துவிடும். ஏனென்றால் தமிழில் நடுவில் வன்மை வேண்டுமென்றால் இரட்டிப்பதுதான் வழி. சிங்களத்தில் இரட்டிப்பு வேறு வேலை செய்கிறது: 'மல' பூ, 'மல்ல' பை. எபா என்பதை 'எப்பா' என்று சொல்லும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை, தமிழின் விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கிறது.

இதைச் சரிசெய்ய முழு நெடுங்கணக்கையும் மனப்பாடம் செய்ய வைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பழக்க வேண்டியது இரண்டு இடங்கள்தான். ஒன்று, சொல் முதலில் மென்மை: க³ல, க³(ங்)க³, கெ³த³ர போன்ற சொற்களை வன்மையில் தொடங்கும் சொற்களோடு சோடி சோடியாகக் காதுக்குக் கொடுப்பது. முதலில் கேட்டு எது என்று கை தூக்கட்டும், பிறகு சொல்லட்டும், கடைசியில் எழுதட்டும். இரண்டாவது, நடுவில் இரட்டிக்காத வன்மை: ஹெட, எபா. பயிற்சிப் புத்தகங்களோ முதல் பக்கத்திலேயே எழுத்தில் தொடங்கி, பேச்சில் வேறு சத்தமே இல்லாத மூச்சுவிட்டு ஒலிக்கும் எழுத்துகளையும் வரிசையாக எழுத வைக்கின்றன. பிள்ளை பத்துப் பக்கம் எழுதிய பிறகும் 'கெதர' என்றே சொல்கிறது.

தமிழ் விதிக்கும் ஓட்டை உண்டு. நான் எடுத்த வரிகளில் 'ஸ்கூல்' என்ற இரவல் சொல் ஒன்றுதான். அதற்குப் பதில் 'பஸ் இல்ல' என்று எழுதியிருந்தால் சொல் முதலில் ப³ வந்திருக்கும். டிவிஷன், டீ, கவர்மென்ட் எல்லாம் அப்படி. 'பாவம்' என்று வன்மையில் சொன்னால் இரக்கம். மென்மையில் சொன்னால் பரதநாட்டியத்தில் முகத்தில் காட்டுவது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு, பொருள் இரண்டு. ஆகத் தமிழில் க, ட, த, ப நாலு ஒலியனா எட்டா என்று கேட்டால், இரவல் சொற்களைச் சேர்த்தால் எட்டை நோக்கிப் போகும், சேர்க்காவிட்டால் நாலு. முஸ்லிம் வீடுகளில் ஹஜ், ஹராம் என்று ஹ தினமும் புழங்குகிறது. அந்தப் பிள்ளைகள் 'ஹெட'வின் ஹவில் தடுக்கி விழுவதில்லை, டவில்தான் விழுகிறார்கள். ஒரே வகுப்பிலேயே ஒலிப் பட்டியல் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும்.

மூக்கைத் தொட்டுவிட்டுப் போகும் ஒலிகளுக்கு வருகிறேன் என்றேனே. எங்கள் வரிகளில் மூன்று: இ(ந்)த³லா, க³(ங்)க³, ல(ங்)க³ட. தமிழ் வாய் இவற்றை 'இந்தலா', 'கங்க', 'லங்கட' என்று முழு ந், ங் போட்டுச் சொல்லும். கேட்கிற சிங்களவருக்குப் புரிந்துவிடும், ஆனால் இது உச்சரிப்பு நயம் மட்டும் இல்லை. 'கந்த³' என்று ந்வை முழுதாகச் சொன்னால் மலை. 'க(ந்)த³' என்று தொட்டும் தொடாமலும் சொன்னால் மரத்தின் அடிமரம். மலையகத்தில் இருந்துகொண்டு மலையையும் மரத்தையும் ஒன்றாகச் சொல்கிறோம்! உலக மொழிகளில் இப்படி முழு மூக்கொலியையும் அரை மூக்கொலியையும் எதிரெதிராக நிறுத்தும் மொழிகள் அதிகம் இல்லை. மாலைதீவின் திவேஹியில் இந்த அரை மூக்கொலி இருக்கிறது; அது சிங்களத்துக்கு நெருங்கிய உறவு. பழக்கும் வழி: 'க'வில் தங்காமல், ந்வில் நிற்காமல், நேராகத் த³வுக்குத் தாவச் சொல்லுங்கள். கை தட்டி அளந்தால் கந்த³ நீளம், க(ந்)த³ குட்டை.

76 ஒலிகளில் மூன்று தடவை வந்ததால் இது சிங்களத்தில் அடிக்கடி வரும் ஒலி என்று முடிவு கட்டவேண்டாம். மூன்றில் இரண்டு ஆற்றங்கரையைப் பற்றிப் பேசியதால் வந்தவை. அறிவித்தல் பரீட்சை பற்றி இருந்தால் வேறு எண்ணிக்கை. இருக்கிறது என்பது நிச்சயம். எவ்வளவு என்பது இந்தப் பந்தியால் சொல்ல முடியாதது.

"அப்படியென்றால் சிங்களம் தமிழிலிருந்து எடுத்ததா, தமிழ் சிங்களத்திலிருந்து எடுத்ததா?" என்று அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். சிங்கள வரியில் எ குறில் நாலு தடவை வந்தது. சமஸ்கிருதத்தில் எ, ஒ குறில் இல்லை. தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. மூச்சுவிட்டு ஒலிக்கும் மெய்களும் சிங்களப் பேச்சிலிருந்து போய்விட்டன. தமிழில் அவை இருந்ததே இல்லை. இவற்றைப் பார்த்து உடனே "தமிழின் செல்வாக்கு" என்று எழுதத் தோன்றும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சிங்களத்தையும் தமிழையும் ஆராய்ந்த ஜேம்ஸ் கெயர் 1985இல், சிங்கள ஒலியமைப்பு எவ்வளவு தூரம் திராவிடமயமானது என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எச்சரிக்கைகளையும் தலைப்பிலேயே சேர்த்தார். எந்த மாற்றம் எப்போது நடந்தது என்று பழைய கல்வெட்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டிய வேலை அது. இன்றைய மூன்று வாக்கியத்தை எண்ணி அதைத் தீர்க்க முடியாது. முகப்புத்தகத்தில் நிச்சயமாகத் தீராது.

கடைசியாகப் பெயர் விஷயம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தமிழில் 'கோமதி' என்று எழுதிக் கொடுக்கிறோம். சிங்களத்தில் பதிகிறவர் முன்னால் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன: கோ, கோ³. தமிழ் எழுத்துக்கு எழுத்து மாற்றுகிறவர் முதலாவதைப் போடுவார். காதால் கேட்டு எழுதுகிறவர் இரண்டாவதைப் போடுவார். ஒருவர் பிறப்புப் பதிவில், மற்றவர் அடையாள அட்டையில். இருவரும் தங்கள் அளவில் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்; பிள்ளைக்கோ இரண்டு பெயர். தேவி, பாலன், கணேசன், தனலட்சுமி எல்லாம் இதே கதை. எங்கள் பக்கம் பாத்திமா. சிங்களத்தில் உதட்டைப் பல்லில் வைத்துச் சொல்லும் ஃபவுக்குத் தனி எழுத்து இருக்கிறது, பவுக்கும் இருக்கிறது. தமிழில் 'பாத்திமா' என்று கொடுத்தால் எதைப் போடுவது? வங்கியிலும் ஓய்வூதியத்திலும் கடவுச்சீட்டிலும் இது எப்படி இழுக்கும் என்று பட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தனியாள் கவனம் மட்டும் போதாது, இடத்தைப் பார்க்கவேண்டும். பெயரின் முதல் எழுத்து க, ட, த, ப என்றால் அங்கேதான் ஆபத்து. நடுவில் வந்தால் அடுத்த ஆபத்து: 'கோபி'யின் பி, தமிழ் விதிப்படி மென்மை, எழுத்துக்கு எழுத்து மாற்றினால் வன்மை. 'முத்து', 'சித்ரா', 'மல்லிகா' இவற்றில் முதல் எழுத்துச் சிக்கல் இல்லை, ஆனால் 'மல்லிகா'வின் காவைப் பாருங்கள். தமிழ் வாயில் அது மெலிந்துவிடும், சிங்களத்தில் பூப் பெயராக அதை வன்மையான காவோடு எழுதுவார்கள். ஆக வாயால் சொல்லி எழுதவைப்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை.

என் யோசனை இதுதான். பிள்ளை பிறந்ததும் பதிவதற்கு முன்பே, சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பெயரைச் சிங்களத்தில் எழுதிக்கொள்ளுங்கள். க, ட, த, ப வரும் ஒவ்வொரு இடத்திலும் வன்மையா மென்மையா என்று நீங்களே தீர்மானியுங்கள். அந்தத் துண்டை ஃபோட்டோ எடுத்து வைத்து, எந்தக் கருமபீடத்துக்குப் போனாலும் வாயால் சொல்லாமல் அதைக் காட்டுங்கள். பாடசாலையில் இரண்டாம் மொழிப் பாடத்தில் முதல் வாரம் பிள்ளை தன் பெயரையும் தாய் தந்தை பெயரையும் சிங்களத்தில் எழுதப் பழகட்டும். வீட்டில் உள்ள ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வித்தியாசம் இருந்தால் தரம் 6இலேயே தெரிந்துவிடும். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயதில் தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

உங்களிடம் ஒரு உதவி. உங்கள் டிவிஷனில் பிள்ளைகள் 'மழை'யை, 'கொழுந்'தை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டு, பத்துப் பேரில் எத்தனை பேர் ழ, எத்தனை பேர் ள என்று மட்டும் கீழே எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும் போடுங்கள், பிள்ளைகளின் பெயர் வேண்டாம். எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லாதீர்கள், எழுத்தைப் பார்த்ததும் எல்லாரும் ழவுக்கு மாறிவிடுவார்கள். வெளியே மழை பெய்யும்போது என்ன பெய்யுது என்று கேளுங்கள், அது போதும்.